பத்துக் கோடி க்ளைம், மூன்று கம்பெனி, ஒரு மெயில்

கேள்வி: ஐயா, நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் க்ளைம் பிரிவில் இருக்கிறேன். ஒரு நூற்பாலையின் பஞ்சு குடோன் ஜூலையில் எரிந்தது. அந்தத் தீ விபத்து பாலிசியில் நாங்கள் லீட். இன்னும் இரண்டு நிறுவனங்கள் கூட்டுக் காப்பீட்டில் உள்ளன. சர்வேயர் அறிக்கைப்படி 10.64 கோடி ரூபாய்க்கு செட்டில் செய்தோம். எங்களுக்கு 50 சதவீதம், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 25 என்று பிரித்து, தலா 2.66 கோடி அனுப்பும்படி மெயில் போட்டேன். இரண்டு பக்கமிருந்தும் திரும்பி வந்துவிட்டது. ஒருவர் “எங்கள் பங்கு 25 இல்லை” என்கிறார். மற்றவர் “ஏற்கெனவே கொடுத்த பணத்தைக் கழிக்கவில்லை” என்கிறார். இந்த மெயிலை எப்படித்தான் எழுதுவது?
– ஓர் அதிகாரி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நீங்கள் அனுப்பியிருந்த தாள்களைப் பார்த்தேன். 50-25-25 என்பது போன வருடத்துப் பங்கு. ஏப்ரல் 1-ல் புதுப்பித்தபோது அது 50-30-20 ஆக மாறியிருக்கிறது. பழைய எக்செல் தாளைத் திறந்து தொகையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மேஜையில் உட்கார்ந்த எல்லோரும் ஒருமுறை செய்த தவறு. 20 சதவீதக்காரர் உடனே கத்திவிட்டார். 30 சதவீதக்காரரோ முன்பணத்தைப் பற்றி மட்டும் கேட்டார், பங்கைப் பற்றிப் பேசவே இல்லை பாருங்கள். குறைத்துக் கேட்ட பணத்துக்கு யார் மறுப்பு எழுதுவார்கள்?

விபத்து நடந்த நாளில் நடப்பில் இருந்த பாலிசி அட்டவணையில் என்ன பங்கு அச்சாகியிருக்கிறதோ அதுதான் பங்கு. மெயில் போடும் நாளும் கணக்கில்லை, பணம் கொடுக்கும் நாளும் கணக்கில்லை. நடு வருடத்தில் எண்டார்ஸ்மென்ட் போட்டுக் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதியில் எல்லோரும் அதே பங்கில் சேர்ந்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள். சேராதவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக மாட்டார்.

அடுத்தது, எந்தத் தொகையைப் பிரிப்பது என்பது. உங்கள் மெயிலில் ‘10.64 கோடி’ என்ற ஒரே எண் தனியாக நிற்கிறது. அது எப்படி வந்தது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எரிந்தும் நனைந்தும் போன பஞ்சின் மதிப்பு 15 கோடி. மிஞ்சிய பஞ்சை ஆலைக்காரரே 1 கோடிக்கு வைத்துக்கொண்டார். (பஞ்சுப் பொதி வெளியே அணைந்தாலும் உள்ளே நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும், சால்வேஜ் மதிப்பும் நாளுக்கு நாள் இறங்கும். சீக்கிரம் பேசி முடித்தது நல்ல காரியம்.) ஆக, நிகர இழப்பு 14 கோடி. விபத்து நாளில் குடோன் சரக்கின் மதிப்பு 50 கோடி, ஆனால் காப்பீடு எடுத்தது 40 கோடிக்குத்தான். அதனால் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் கிடைக்கும்: 11.20 கோடி. அதில் பாலிசி சொல்லும் 5 சதவீத எக்ஸஸ் 56 லட்சம் போனால் 10.64 கோடி.

இவ்வளவும் மெயிலில் நான்கைந்து வரியில் வரட்டும். முழு இழப்பிலிருந்து எல்லாவற்றையும் கழித்து முடித்து, கடைசியில் வரும் தொகையைத்தான் பிரிக்க வேண்டும். 11.20 கோடியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, “எக்ஸஸை அவரவர் கழித்துக்கொள்ளுங்கள்” என்று விட்டால் ஒருவர் கழிப்பார், ஒருவர் மறப்பார். மூன்று கணக்கும் கூட்டினால் செட்டில்மென்ட்டுக்குப் பொருந்தாது.

இனி பங்கு. உங்களுக்கு 5.32 கோடி, 30 சதவீதக்காரருக்கு 3.192 கோடி, 20 சதவீதக்காரருக்கு 2.128 கோடி. கூட்டிப் பார்த்தால் 10.64 வருகிறதா? அந்தக் கூட்டலையும் மெயிலில் காட்டுங்கள். பைசாவில் மிஞ்சுவதை லீட் ஏற்றுக்கொள்வது நல்லது. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு மூன்று மாதம் கடிதம் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

முன்பணம்தான் உங்களைச் சிக்கலில் மாட்டியது. விபத்து நடந்த பிறகு ஆன் அக்கவுண்ட்டாக 3 கோடியை நீங்களே ஆலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். 30 சதவீதக்காரர் தன் பங்கு 90 லட்சத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டார். 20 சதவீதக்காரர் தன் 60 லட்சத்தை இன்னும் அனுப்பவில்லை. எனவே முதலாமவர் தர வேண்டிய பாக்கி 2.292 கோடி, இரண்டாமவருக்கு எதையும் கழிக்க முடியாது, 2.128 கோடி முழுதாக வர வேண்டும். ‘மொத்தப் பங்கு, வந்தது, பாக்கி’ என்று மூன்று கட்டம் போட்டு, வந்ததற்கு நேரே நாளும் வங்கிப் பரிமாற்ற எண்ணும் எழுதிவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

சர்வேயர் கட்டணம் 12 லட்சத்தை க்ளைம் தொகையோடு கலக்காதீர்கள். அது தனி வரி: 30 சதவீதக்காரருக்கு 3.60 லட்சம், 20 சதவீதக்காரருக்கு 2.40 லட்சம். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு சொல் எழுதுங்கள். சர்வேயர் பில் உங்கள் பெயரில் வந்திருக்கும். உள்ளீட்டு வரிக் கழிவை நீங்கள் எடுத்துக்கொண்டு, அதே வரியை அவர்களிடமும் கேட்டால் அவர்களுடைய கணக்குப் பிரிவு விடாது. ஆக, கேட்க வேண்டிய தொகை: ஒருவரிடம் 2 கோடியே 32 லட்சத்து 80 ஆயிரம், மற்றவரிடம் 2 கோடியே 15 லட்சத்து 20 ஆயிரம்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். 20 சதவீதக்காரருக்கான உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“திருத்திய பங்குக் கணக்கு. இத்தனாம் தேதி அனுப்பிய மெயிலை ரத்து செய்கிறோம். எங்கள் பாலிசி எண், க்ளைம் எண், உங்கள் பாலிசி எண், விபத்து நாள் கீழே. விபத்து நாளில் உங்கள் பங்கு 20 சதவீதம் (அட்டவணை நகல் இணைப்பு). உங்கள் பங்கு 2,12,80,000. இதுவரை வந்தது இல்லை. சர்வேயர் கட்டணப் பங்கு 2,40,000. அனுப்ப வேண்டியது 2,15,20,000 ரூபாய். இறுதி சர்வே அறிக்கை, டிஸ்சார்ஜ் வவுச்சர், பணம் கொடுத்த சான்று இணைக்கப்பட்டுள்ளன. உங்கள் க்ளைம் எண்ணைத் தெரிவிக்கவும்.”

‘ரத்து செய்கிறோம்’ என்ற வரி இல்லாவிட்டால் அங்கே 2.66 கோடியும் புத்தகத்தில் ஏறும், புதிய தொகையும் ஏறும். மார்ச் 31-க்கு இரண்டும் நிலுவையாக நிற்கும். அவர்களுடைய க்ளைம் எண் கேட்பதற்கும் காரணம் உண்டு. அந்த எண் இல்லாமல் உங்களுக்குத் தரும் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியாது. இறுதி அறிக்கை எதற்கென்றால், அவர்களும் ஜிஐசி ரீ போன்ற மறுகாப்பீட்டாளரிடம் பங்கு கேட்க வேண்டும். வெறும் தொகையை நீட்டி அங்கே பணம் வாங்க முடியாது.

இரண்டு நிறுவனங்களுக்கும் போகும் மெயிலில் முழு அட்டவணையையும் வையுங்கள். எல்லோரும் ஒரே கணக்கைப் பார்க்கட்டும். ஆலைக்காரரையும் புரோக்கரையும் அதில் சேர்க்க வேண்டாம். நிறுவனங்களுக்குள் நடக்கும் பண விவகாரம் அவர்களுக்குத் தேவையில்லை. வங்கிக் கணக்கு எண்ணை மெயிலின் உடலில் எழுதாமல் கையெழுத்திட்ட கடிதமாக இணைத்து, தொலைபேசியிலும் ஒருமுறை உறுதி செய்யச் சொல்லுங்கள். நடுவில் யாரோ புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பினால், கோடிகள் எங்கே போனதென்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

தாள்களோடு இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: அவர்கள் கொடுக்காவிட்டால் நாமே சுமக்க வேண்டுமா? பாலிசியில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால் ஒவ்வொருவரின் பொறுப்பும் தன் பங்கு வரைதான். ஆனால் முழுத் தொகையை நீங்களே முதலில் கொடுத்துவிட்டதால், வசூலிக்கும் வேலை உங்கள் தலையில் இருக்கிறது. அந்த 60 லட்சம் ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்று பாருங்கள். 20 சதவீதக்காரருக்குப் போன முன்பணக் கடிதம் போன வருடப் பங்கைச் சொல்லி 75 லட்சம் கேட்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.