புதையல் வேட்டைக்கு என்ன பட்டியல்?

கேள்வி: ஏழு வயது மகளைப் பூங்காவில் இயற்கைப் புதையல் வேட்டைக்கு அழைத்துப் போக ஆசை. எதைத் தேடச் சொல்லலாம்? (வாசகி, சென்னை)

பதில்: செடிப் பெயர்களைக் கொடுக்காதீர்கள், அது பரீட்சையாகிவிடும். தடயங்களைக் கொடுங்கள், நான்கைந்து போதும். ‘கத்தரியால் வெட்டியது போன்ற இலை’ என்று ஒன்று. ரோஜா, காகிதப்பூச் செடிகளின் இலையோரத்தில் சீரான அரைவட்டம் தெரிந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டுகளைச் சுருட்டித்தான் அது குஞ்சுகளுக்கு அறை கட்டுகிறது. புழு தின்ற இலையோ கன்னாபின்னாவென்று இருக்கும்.

அடுத்தது, ‘எச்சம் போல நடிக்கும் புழு’. கறிவேப்பிலை, எலுமிச்சை இலைமேல் பாருங்கள். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு நீட்டும், வாடையும் வரும். வண்ணத்துப்பூச்சியின் புழுதான்.

ஓர் எச்சரிக்கை: சாலையோரத் தோட்டங்களில் அரளி அதிகம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, பறிக்க விடாதீர்கள்.