பூசலார் கதையைப் பிள்ளைகள் வாய்க்குப் பாட்டாக்க

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பிள்ளைகளுக்குப் பெரியபுராணக் கதை ஒன்றைப் பாட்டாக எழுதிக் கொடுக்க நினைப்பவர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. ஆவடியில் அரக்கோணம் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருநின்றவூர் வந்துவிடும். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் அது. அவர் கதையைப் பாடிய சேக்கிழார் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் அவர் இதை இருபது பாடலுக்குள் சொல்லி முடித்துவிட்டார். சின்னக் கதை, பிள்ளைகளுக்குப் பழக்கமான இடம், ஒரே ஒரு திருப்பம். முதன்முதலாக எழுதிப் பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தோதான கதை எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலை, சேக்கிழார் சொன்ன வரிசையை உரைநடையில் எழுதிக்கொள்வது. சிவனுக்குக் கோயில் கட்டப் பூசலார் ஆசைப்படுகிறார். பணம் தேடி அலைகிறார், கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளே பொருள் சேர்த்து, தச்சரை வைத்து, நாள் பார்த்து, இரவிலும் உறங்காமல் கட்டுகிறார். குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளை, காஞ்சியில் கற்றளி கட்டிய காடவர் அரசனும் குறித்துவிடுகிறான். இறைவன் அரசன் கனவில் வந்து, ‘நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், நீ பிறகு வைத்துக்கொள்’ என்கிறார். அரசன் நின்றவூருக்கு வந்து கேட்கிறான். இங்கே அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார். பூசலாரைத் தேடிப்போய் வணங்கி விவரம் கேட்டு, மீண்டும் வணங்கித் திரும்புகிறான்.

இதைப் பன்னிரண்டு பாட்டாகப் பிரிக்கலாம். ஆசைக்கும் அலைச்சலுக்கும் இரண்டு, கட்டுவதற்கு நான்கு, கனவுக்கு இரண்டு, தேடலுக்கும் சந்திப்புக்கும் மூன்று, முடிவுக்கு ஒன்று. கட்டுமானத்துக்கு நான்கு எதற்கு என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கோயில் கேட்கும் பிள்ளைக்குள் எழும்பியிருந்தால்தான், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று ஊரார் சொல்லும்போது, ‘இருக்கே!’ என்று கத்த அதற்குத் தோன்றும். கனவைச் சுருக்கலாம், கட்டுவதைச் சுருக்கக் கூடாது.

அடுத்தது சந்தம். அரையடிக்கு மூன்று சீர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் ஈரசைச் சீரில் மாச்சீர். மூன்றாவது மூவசைச் சீர், காய்ச்சீர். சீருக்கு ஒரு தட்டாக மூன்று தட்டு. நான்காவதில் கையை விரித்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த மூச்சிடம் அவசியம். அது இல்லாத நீண்ட அடியில் பிள்ளைகள் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். தொடக்கம் இப்படி வரும்:

நின்ற ஊரில் பூசலாரும்
நெஞ்சில் ஆசை வைத்தாரே;
கொன்றை சூடும் ஈசனுக்குக்
கோயில் ஒன்று வேண்டுமென்றே.

காசு தேடித் தெருவெல்லாம்
கால்கள் நோக நடந்தாரே;
ஈசன் கோயில் எழுப்புதற்கோ
எங்கும் பணமே கிடைக்கலையே.

இதில் முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது: நின்ற–கொன்றை, காசு–ஈசன். இது எதுகை. அடுத்தடுத்த வரிகள் இனமான எழுத்தில் தொடங்குகின்றன: நின்ற–நெஞ்சில், காசு–கால்கள். இது மோனை. பிள்ளைக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது மோனைதான். வரியின் கடைசியில் மட்டும் ‘ஆரே, ஆரே’ என்று ஒலிக்க வைத்துவிட்டு மோனையை விட்டால், பாட்டு கேட்க நன்றாக இருக்கும், மனத்தில் நிற்காது. பாடும் பிள்ளை வரியின் நடுவில் திக்கினால் சந்தம் இடறுகிறது, வரி தொடங்கும் முன்பே விழித்தால் மோனை போதவில்லை. எழுத உட்காரும் முன், கதையில் கட்டாயம் வரவேண்டிய சொல்லுக்கு எதுகை தேடி வைத்துக்கொள்ளுங்கள். ‘நின்ற’ இருந்ததால்தான் ‘கொன்றை’ கிடைத்தது, சிவனையும் அது காட்டிவிட்டது. ‘பூசலாரும்’ என்பதில் உள்ள ‘உம்’ சீரை நிரப்ப வந்தது. அப்படி ஒன்றிரண்டு போகட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

கட்டும் பகுதிக்கு ஒரு பல்லவி வேண்டும்.

கல்லும் இல்லை, மண்ணுமில்லை;
கண்ணை மூடிக் கட்டுகின்றார்;
சொல்லி வைக்க ஆளுமில்லை;
சோர்வே இன்றிக் கட்டுகின்றார்.

இரண்டாம் வரியைப் பல்லவியாக்கிவிட்டால், வேலை நடக்கும் ஒழுங்கில் ஒவ்வொரு வரியாக அதற்கு முன்னே சேர்க்கலாம். ‘கடைக்கால் தோண்டிக் கல்பதித்துக்’ என்று ஒரு பிள்ளை சொல்ல, ‘கண்ணை மூடிக் கட்டுகின்றார்’ என்று எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். பிறகு ‘கலசம் வைத்துச் சுதைபூசிக்’, அதன்பின் ‘கரைகள் சூழக் குளம்வெட்டிக்’. பல்லவி ககரத்தில் தொடங்குவதால் முன்வரியும் ககரத்திலேயே தொடங்க வேண்டும். சேக்கிழாரும் அடியிலிருந்து சிகரம் வரை கட்டி, சுதை பூசி, கிணறு, மதில், குளம் என்றுதான் போகிறார். மோனை கிடைக்கிறதே என்று கலசத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் கோயில் தலைகீழாகிவிடும்.

கனவை இரண்டே பாட்டில் முடியுங்கள். முதலாவது இது, தன் நாளை அரசன் தள்ளிவைப்பது இரண்டாவது.

காஞ்சி மன்னன் கனவினிலே
கடவுள் வந்து சொன்னாரே:
“வாஞ்சை கொண்ட பூசலாரும்
வைத்த நாளும் நாளைதானே!”

சந்திப்பைப் பேச்சாக வைத்து, பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரிக்கலாம்.

“எங்கே எங்கே கோயில்?”என்றார்;
“இங்கே ஏதும் இல்லை”யென்றார்;
மங்கா அன்புப் பூசலாரோ
“மனசுக் குள்ளே இருக்கு”தென்றார்.

இந்தப் பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் வரிக்கு ‘அங்கே வந்த பூசலாரோ’ என்பது எதுகைக்கு உடனே வந்து விழும். ஆனால் சேக்கிழாரிடம் பூசலார் அரசனைத் தேடி வருவதில்லை. அரசன்தான் அவரிடம் போகிறான். எதுகைக்காக இதை மாற்றினால் அடியார் அரசனுக்குக் கீழே போய்விடுகிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் வரும் வேதியர், பெரியபுராணத்தில் கிடையாது. ஆனாலும் பாட்டு பரவிய வேகத்தில், மூலத்திலேயே அவர் இருப்பதாகப் பலரும் நம்பிவிட்டார்கள். நீங்கள் சேர்ப்பதும் பிள்ளைகள் மனத்தில் புராணமாகவே பதியும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் உரைநடைக் குறிப்போடு ஒப்பிட்டு, யார் யாரிடம் போனார், எது முதலில் நடந்தது என்று சரிபாருங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில் சீர் பிரித்து அச்சிட வேண்டாம். ‘மனசுக் குள்ளே’ என்பதை ‘மனசுக்குள்ளே’ என்றே கொடுங்கள். தட்டிக் காட்டினால் பிரிப்பு தானே வந்துவிடும். முதல் தடவை தாளே இல்லாமல் நீங்கள் பாடிக் காட்டி, பொருள் கேளுங்கள். ‘கொன்றை’ தெரியாவிட்டால் அந்தப் பூவைக் காட்டலாம், ‘சுதை’ என்பது கோயில் சிற்பங்களுக்குப் பூசும் சுண்ணாம்புக் காரை என்று சொல்லலாம். ‘வாஞ்சை’ இரண்டு தடவை விளக்கியும் ஏறவில்லை என்றால், கூச்சப்படாமல் அந்தப் பாட்டை வேறு எதுகையில் திருப்பி எழுதிவிடுங்கள்.

பூசலார் குருபூசை ஐப்பசி அனுஷத்தில் வரும். வாரம் இரண்டு பாட்டு என்றால் ஆறு வாரத்தில் பாடமாகிவிடும். சேர்ந்து சொல்லிப் பழக இன்னும் இரண்டு வாரம் வையுங்கள். அந்த ஆண்டு அனுஷம் வரும் நாளைப் பார்த்து, எட்டு வாரம் முன்பே தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும். குருபூசை அன்றைக்குத் திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப்போவதாக இருந்தால், சன்னிதியில் பன்னிரண்டையும் சொல்ல நேரம் கிடைக்காது. கட்டும் பகுதியின் நான்கையும் ‘எங்கே எங்கே’ பாட்டையும் அதற்கென்று தனியாகப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.