வரைவுக்கும் புள்ளி உண்டு

ஒரு தவணை முழுவதும் நீளும் செயற்றிட்டத்தில் இறுதி அறிக்கைக்கு மட்டும் புள்ளி வழங்கினால், கடைசி வாரத்தில் அவசரமாக எழுதியவரும் பத்து வாரங்கள் உழைத்தவரும் ஒன்றாகவே தெரிவர். அதனால்தான் வரைவுகளையும் சிந்தனைக் குறிப்புகளையும் ஒரே கோவையில் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். அதற்கு நான் பயன்படுத்தும் சரிபார்ப்புப் பட்டியல் இது:

1. திகதியுடன் வினாவும் திட்டமும் – 10
2. முதல் வரைவு – 15
3. பிறர் கருத்தும் திருத்திய வரைவும் – 20
4. சிந்தனைக் குறிப்புகள் – 25
5. இறுதி அறிக்கை – 30

சமையலறைக் கழிவு பற்றிய ஒரு செயற்றிட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில் மாணவி பன்னிரண்டு வீடுகளில், "தினமும் எவ்வளவு கழிவு சேரும்?" என்று கேட்கிறாள். "கொஞ்சம்", "நிறைய" என்றே பதில்கள் வருகின்றன. இவற்றைக் கூட்டவோ ஒப்பிடவோ முடியாது என்று ஆசிரியை ஓரத்தில் எழுதுகிறார். அடுத்த வாரம் அவள் வீடுகளுக்குப் பைகளைக் கொடுத்து, ஏழு நாட்கள் விற்றராசில் நிறுக்கிறாள். ஒரு வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 2 கிலோ, இன்னொன்றில் 3.2 கிலோ. இரண்டாவது வீடே அதிகம் வீசுவதாகத் தோன்றுகிறது. ஆனால் முதல் வீட்டில் நால்வர், இரண்டாவதில் எண்மர். ஆளொன்றுக்குக் கணக்கிட்டால் 0.5 கிலோவும் 0.4 கிலோவும் வருகின்றன; முடிவு தலைகீழாகிறது.

இங்கே முதல் வரைவின் குறை புள்ளியைக் குறைக்காது. அந்தக் குறை எப்படிக் கண்டறியப்பட்டது, அதனால் எது மாறியது என்பதற்கே மூன்றாம், நான்காம் பகுதிகளில் புள்ளி கிடைக்கிறது. வரைவின் பிழைக்குப் புள்ளி வெட்டினால், மாணவிகள் பிழையை மறைத்துத் துப்புரவான பிரதியையே ஒப்படைப்பார்கள்.

சிந்தனைக் குறிப்பில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், அடுத்து என்ன செய்வேன். "இச்செயற்றிட்டம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற வரி எந்தச் செயற்றிட்டத்துக்கும் பொருந்தும். அதற்குப் புள்ளி இல்லை. "நிறையை மட்டும் ஒப்பிட்டது போதவில்லை, ஆட்களின் தொகையால் வகுத்தேன், விருந்தினர் வந்த நாட்களைத் தனியாகக் குறிப்பேன்" என்பது இந்த வேலைக்கு மட்டுமே உரியது.

கடைசி நாளில் எழுதிய போலி வரைவைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எல்லாத் தாள்களிலும் ஒரே மை இருக்கும். அடித்தல் திருத்தல் இராது. முதல் வரைவிலேயே இறுதி விடை இருக்கும். ஆகவே வாரந்தோறும் ஆசிரியை திகதியிட்டு ஒப்பமிடுவது பட்டியலைப் போலவே அவசியம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளின் முதல் வரைவை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுத்தால், இரண்டாம் வரைவில் அவள் மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது. "இந்த எண் எப்படி வந்தது, மகள்?" என்று கேளுங்கள். அவள் தேடும் பதில் கோவையின் அடுத்த பக்கமாகும்.