ஜி கோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எண்ணூரில் ஷிஃப்ட் வேலை, வயது 38. தினம் பத்து நிமிடத்தில் கீபோர்டுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்க வருமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: வரும். இளையராஜாவே சென்னைக்கு வந்த பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். எல்லா சுரங்களையும் மனப்பாடம் செய்யாதீர்கள். டிரெபிள் கிளெஃபின் சுழி சுற்றி நிற்பது கீழிருந்து இரண்டாவது கோடு, அதுதான் ஜி. அதற்கு மேலுள்ள இடைவெளி ஏ, அடுத்த கோடு பி. ஜி-யிலிருந்து ஏறி இறங்கியே மற்றவற்றைக் கண்டுபிடியுங்கள். முதல் மூன்று நிமிடம் தாளத்தை மட்டும் கைதட்டி எண்ணுங்கள். மீதி நேரம் நான்கே பார் மெதுவாக வாசியுங்கள். சுரத்துக்கு அடியில் எழுத்தை எழுதாதீர்கள். கண் அதைத்தான் படிக்கும், கோட்டைப் படிக்காது. வாரம் ஒருமுறை, பார்த்திராத பக்கத்தை எடுங்கள். அதில் தடுமாறினால், இதுவரை வாசித்தது விரலின் ஞாபகம்தான். மறுபடி ஜி-க்கே வாருங்கள்.