மராட்டிய மின் ரசீதில் நிலைக்கட்டணம், எரிபொருள் சரிக்கட்டல், மின் தீர்வை

புனே, கல்யாண், டோம்பிவிலி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வரும் மகாவிதரண் ரசீதில், தொகை மராத்திப் பெயர்களுடன் ஐந்து வரிகளாகப் பிரிந்திருக்கும். ஸ்திர் ஆகார் என்பது நிலைக்கட்டணம். வீஜ் ஆகார் எரித்த யூனிட்டுக்கான விலை. வஹன் ஆகார் மின்சாரத்தைக் கம்பி வழியே வீடு வரை கொண்டுவரும் கூலி. இந்தன் சமாயோஜன் ஆகார் எரிபொருள் சரிக்கட்டல். வீஜ் சுல்க் அரசுக்குப் போகும் தீர்வை. யூனிட் கூடாமலே தொகை கூடும்போது, காரணம் பெரும்பாலும் முதல் வரியிலோ கடைசி இரண்டு வரிகளிலோ இருக்கும்.

நிலைக்கட்டணத்துக்கும் மீட்டர் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை. கம்பி, டிரான்ஸ்பார்மர், ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கு, ஒருவர் விளக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் செலவு உண்டு; அதில் ஒரு பங்கை இந்த வரி வசூலிக்கிறது. வீட்டு இணைப்பில் இது ஒருமுனையா மும்முனையா என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் மாதாமாதம் ரசீது வரும். ஊருக்குப் போகும் முன் மெயின் சுவிட்சை அணைப்பதால் இந்த வரி குறையாது. ஏசியோ மோட்டாரோ இல்லாத வீட்டில் பழைய மும்முனை இணைப்பு இருந்தால், அதை ஒருமுனையாக மாற்றக் கேட்பதே இதைக் குறைக்கும் வழி.

எரிபொருள் சரிக்கட்டல் ஏன் தனி வரியாக நிற்கிறது என்பதற்கு விடை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 62(4) பிரிவுப்படி, கட்டண விகிதத்தைச் சாதாரணமாக ஒரு நிதியாண்டில் ஒருமுறைக்கு மேல் திருத்தக் கூடாது; எரிபொருள் கூடுதல் கட்டணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நிலக்கரி விலையோ வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலையோ ஆண்டின் நடுவில் ஏறினால், வித்தியாசம் இந்த வழியாக யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று வந்து சேரும். செலவைக் கணக்கிட்டு முடிக்க நாளாவதால், அது சில மாதம் பிந்தியே ரசீதில் ஏறும். கோடையில் வாங்கிய மின்சாரத்தின் சுமை மழைக்காலத்தில் தெரிவது இதனால்தான். அந்த மாதம் மீட்டர் வேகமாக ஓடியதாகச் சந்தேகிப்பதற்கு முன், சென்ற ரசீதின் யூனிட்டையும் பைசா விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யூனிட் அதேயாக இருந்து விகிதம் மட்டும் மாறியிருந்தால் மீட்டரில் கோளாறு இல்லை.

தீர்வை மின் நிறுவனத்தின் வருமானம் அல்ல. மின் நுகர்வின் மேல் வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மராட்டியத்தில் வீட்டுக்கு 16 சதவீதம், கடைகளுக்கு 21 சதவீதம். இது யூனிட் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. மேலே உள்ள நான்கு வரிகளின் கூட்டுத்தொகை மேல் போடப்படுகிறது. எனவே நிலைக்கட்டணமோ எரிபொருள் சரிக்கட்டலோ ஒரு ரூபாய் ஏறினால், கையிலிருந்து 1.16 ரூபாய் போகும்.

கணக்கு எளிதாக இருக்க, உண்மை விகிதங்களுக்குப் பதில் முழு எண்களை வைத்து 140 யூனிட் எரித்த ஒரு வீட்டைப் பார்க்கலாம். நிலைக்கட்டணம் 130 ரூபாய். முதல் 100 யூனிட் 5 ரூபாய் வீதம் 500, மீதி 40 யூனிட் 11 ரூபாய் வீதம் 440. யூனிட் விலை மொத்தம் 940. கம்பிக் கூலி யூனிட்டுக்கு 1.20 வீதம் 168. எரிபொருள் சரிக்கட்டலும் படிக்குப் படி மாறும்: முதல் 100 யூனிட்டுக்கு 20 பைசா, மீதிக்கு 40 பைசா என்றால் 20 + 16 = 36. நான்கும் சேர்ந்து 1,274 ரூபாய். அதில் 16 சதவீதம் 203.84. கட்ட வேண்டியது 1,477.84. இதே வீடு மாதம் முழுக்கப் பூட்டியிருந்தால் 130 ரூபாயும் அதன் தீர்வை 20.80 ரூபாயுமாக 150.80 வரும்.

ரசீதைச் சரிபார்க்கக் கடைசி வரியே நல்ல இடம். தீர்வைத் தொகையை முதல் நான்கு வரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.16 வர வேண்டும். பழைய பாக்கியையும் தாமதக் கட்டணத்தையும் அந்தக் கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது. விடை 0.21 என்று வந்தால், இணைப்பு கடை வகையில் பதிவாகியிருக்கிறது. முன்பு தையல்கடையோ டியூஷன் சென்டரோ நடந்த இடத்தை வீடாக வாடகைக்கு எடுத்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வகை தவறாக இருந்தால் தீர்வை மட்டுமல்ல, யூனிட் விலையும் நிலைக்கட்டணமும் கடைக்கு உரியதாகவே இருக்கும். வகை மாற்றம் கேட்டு விண்ணப்பித்தால்தான் மூன்றும் சேர்ந்து சரியாகும்.