காற்றின் திசையை வைத்து ஒலியைத் தீர்மானிக்காதீர்கள்

அன்புள்ள இளம் ஒலியியலாளருக்கு,

நுரையீரல் காற்றைச் சாராத ஒலிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். பாடநூல்களில் ஒரு சுருக்கமான அட்டவணை இருக்கும்: எஜெக்டிவ் என்றால் காற்று வெளியே போகும், இம்ப்ளோசிவ் என்றால் உள்ளே வரும், கிளிக் என்றாலும் உள்ளே வரும். தேர்வுக்கு இது போதும். ஒரு மொழியைப் பேசுபவரின் முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போதோ, இந்த அட்டவணையே உங்களைத் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்லும். காற்று எந்தப் பக்கம் போனது என்பது விளைவு. எந்த வாசல் அடைபட்டது, எந்த உறுப்பு நகர்ந்து அடைபட்ட இடத்தைச் சுருக்கியது அல்லது விரித்தது என்பதுதான் காரணம். ஒலியைக் காரணத்தால் வகைப்படுத்துங்கள் என்பதே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது.

எளிதான எஜெக்டிவிலிருந்து தொடங்குவோம். ஜார்ஜிய மொழியிலும் அம்ஹாரிக்கிலும் சாதாரண ‘க்’ ஒலியோடு எஜெக்டிவ் ‘க்’ ஒன்றும் தனி எழுத்தாக நிற்கிறது. அதை ஒலிக்க, பின்நாக்கு மேலே ஒட்டி வாயை அடைக்கிறது. அதே வேளையில் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. இரண்டு அடைப்புகளுக்கும் நடுவே கொஞ்சம் காற்று சிறைப்படுகிறது. குரல்வளை சைக்கிள் பம்பின் தண்டுபோல் மேலே ஏறி அந்தக் காற்றை நெருக்கும்போது நாக்கு விடுபட்டால், ஒலி ‘டக்’கென்று தெறிக்கும். இதற்கு நுரையீரல் தேவையே இல்லை. கணக்கும் எளிதுதான். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1,030 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமம். ஆகவே மூடிய இடத்தின் கொள்ளளவு 1 சதவீதம் குறைந்தாலே அழுத்தம் 10 செ.மீ. உயர்ந்துவிடும். சாதாரணப் பேச்சில் நுரையீரல் தரும் அழுத்தமே 5 முதல் 10 செ.மீ. வரைதான். உதட்டை அடைத்தால் உள்ளே சிக்கும் காற்று 100 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல்வளை 1 மில்லி அளவுக்கு இடத்தைச் சுருக்கினாலே நுரையீரலின் வேலை முடிந்துவிடுகிறது. ‘க்’ பிறக்குமிடத்தில் அடைத்தால் பின்னால் மிஞ்சுவது தொண்டைக்குழி மட்டுமே. இடம் சிறியதாக இருப்பதால் அதே ஏற்றத்துக்கு அழுத்தம் இன்னும் அதிகமாக ஏறும். ‘ப்’ ஒலிக்கும்போதோ கன்னம் உப்பி அழுத்தத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். உலக மொழிகளில் ‘க்’ எஜெக்டிவ் பரவலாகவும் ‘ப்’ எஜெக்டிவ் அதைவிட அரிதாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்று வெளியே போகிறது என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது. சாதாரண ‘க்’கிலும் ‘ப்’பிலும் காற்று வெளியேதான் போகிறது.

கிளிக்கில் பம்பு வாய்க்குள்ளேயே இருக்கிறது. யாருக்காவது இரங்கி நாம் உச்சுக் கொட்டும்போது நாக்கு செய்வதைக் கவனியுங்கள். பின்நாக்கு மெல்லண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, நுனிநாக்கு மேற்பல்லில் ஒட்டியிருக்கிறது. நடுநாக்கு கீழே இறங்க, இடையில் இருக்கும் சில மில்லி காற்று விரிந்து அழுத்தம் சரிகிறது. நுனிநாக்கு விடுபட்டதும் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. தமிழில் இது உணர்ச்சிக் குறிப்பாக நின்றுவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியிலோ ஏறக்குறைய இதே ஒலி ‘c’ என்று எழுதப்படும் முழுமையான மெய்யெழுத்து. Xhosa என்று எழுதப்படும் அம்மொழியின் பெயரிலுள்ள ‘X’கூட நாக்கின் பக்கவாட்டை விடுவிக்கும் வேறொரு கிளிக்தான். கிளிக் முழுவதும் பின்நாக்கு அடைப்புக்கு முன்னாலேயே நடந்து முடிகிறது. அடைப்புக்குப் பின்னால் இருக்கும் தொண்டையும் மூக்கும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ‘ம்ம்ம்’ என்று முனகியபடியே உச்சுக் கொட்டிப் பாருங்கள், முனகல் அறுபடாது. கோசாவில் ‘nc’ என்று எழுதப்படும் மூக்கொலிக் கிளிக் இந்தச் சேர்க்கைதான். அந்தக் கணத்தில் காற்று வாய்வழியே உள்ளேயும் மூக்குவழியே வெளியேயும் போகிறது. திசையை வைத்து வகைப்படுத்துபவர் இதை எந்தக் கட்டத்தில் போடுவார்?

இம்ப்ளோசிவில்தான் திசைக் கணக்கு முற்றிலும் கைவிடுகிறது. சிந்தி மொழியில் ‘பஸ்’ என்பதன் முதலொலியைப் போன்ற சாதாரண ‘ப’வில் தொடங்கும் ‘பாரு’ என்றால் சுமை. அதே இடத்தில் இம்ப்ளோசிவை வைத்துச் சொன்னால் குழந்தை. சாதாரண ஒலியில் உதடு மூடியிருக்க, குரல்நாண்கள் அதிர, நுரையீரல் காற்று வாய்க்குள் சேர்ந்துகொண்டே போகிறது. வாய்க்குள் அழுத்தம் ஏற ஏறக் குரல்நாண்களின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு குறைந்து அதிர்வு தளர்கிறது. இம்ப்ளோசிவில் குரல்வளை அதிர்ந்தபடியே கீழே இறங்குகிறது. கீழிருந்து காற்று கசிந்து வந்தாலும் இடம் விரிந்துகொண்டே இருப்பதால் வாய்க்குள் அழுத்தம் ஏறுவதில்லை. குரல்வளை வேகமாக இறங்கினால் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, உதடு திறந்ததும் காற்று உள்ளே வரும். மெதுவாக இறங்கினால் கசிவும் விரிவும் சரிக்குச் சரியாகி, காற்று எந்தப் பக்கமும் குறிப்பிடும்படி ஓடாது. இரண்டாவது வகை பிழையான உச்சரிப்பு அல்ல. பல மொழிகளில், நல்ல பேச்சாளர்களிடமே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும்: காற்றே உள்ளே வரவில்லை என்றால் அதைத் தனி வகை என்று ஏன் சொல்ல வேண்டும்? சாதாரண ‘ப’ ஒலிக்கும்போதும் குரல்வளை சற்று இறங்கத்தானே செய்கிறது? உண்மைதான். இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை, சரிவுதான் இருக்கிறது என்று லேடிஃபோகெட்டும் மேடிசனும் 1996இல் வெளிவந்த தங்கள் நூலில் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இந்த மறுப்பு வீழ்த்துவது திசையை வைத்த வரையறையை மட்டும்தான். குரல்வளையின் இறக்கத்தை அளவுகோலாக வைத்தால் சரிவு இருப்பதில் சிக்கல் இல்லை. அந்தச் சரிவில் ஒரு மொழி எங்கே கோடு கிழிக்கிறது என்பதைச் சுமையும் குழந்தையும் போன்ற சொல்லிணைகள் காட்டிவிடும். இன்னொரு மறுப்பு நம் மரபிலிருந்தே எழலாம். எழுத்துகள் உந்தியிலிருந்து எழும் காற்றால் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறதே என்பார்கள். அது தமிழ் எழுத்துகளைப் பற்றிய கூற்று, அவற்றுக்கு முழுக்கப் பொருந்துகிறது. சிந்திக்கும் கோசாவுக்கும் அதை நீட்டுவது நம் பிழையாகும்.

இனி வேலைக்கு வருவோம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒலித்துப் பார்ப்பது முதல் சோதனை. எஜெக்டிவும் கிளிக்கும் அப்போதும் வரும். அதிர்வுள்ள இம்ப்ளோசிவ் அப்படித் தேறாது, அதற்குக் கீழிருந்து கசியும் காற்று வேண்டும். எஜெக்டிவைப் பழகுபவர்கள் வழக்கமாகத் தவறுவது, குரல்நாண்களை முன்கூட்டியே திறந்து ‘க்ஹ’ என்று மூச்சுவிடுவதில். ஒலிப்பதிவைத் திரையில் பார்த்தால் இது தெரிந்துவிடும்: வெடிப்புக்கும் உயிரெழுத்துக்கும் நடுவே எஜெக்டிவில் அமைதியான இடைவெளி இருக்கும், மூச்சொலியில் அந்த இடம் முழுக்க இரைச்சல் நிரம்பியிருக்கும். இம்ப்ளோசிவைப் பழகுபவர்கள் மூச்சை உள்ளே இழுத்துத் தவறுகிறார்கள். ‘காற்று உள்ளே வரும்’ என்ற வரையறை கற்றுத்தரும் பிழை இது. அடைப்பு நேரத்தின் அலைவடிவத்தைப் பாருங்கள். சாதாரண ‘ப’வில் அதிர்வு உதடு திறக்கும்வரை தேய்ந்துகொண்டே போகும், நல்ல இம்ப்ளோசிவில் திறப்பை நோக்கி வளரும். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஒலிக்கும் அடைப்புகள் எங்கே, நகர்ந்தது எது, அழுத்தம் ஏறியதா இறங்கியதா என்று இந்த வரிசையிலேயே எழுதுங்கள். காற்றின் திசையை அளந்து பார்த்திருந்தால் மட்டும் கடைசியில் சேருங்கள். அளக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவர்