லிட்டில் இந்தியா எந்தப் பக்கம்?

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து டோபி காட், சிட்டி ஹால், பூகிஸ், ரோச்சோர் வழியாகச் சென்றால் மீண்டும் லிட்டில் இந்தியாவுக்கே வந்துவிடலாம். அது ஒரு வளையம். லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபேரர் பார்க், பூன் கெங் என்று ஒரு வாலும் நீள்கிறது. இந்த ஏழு நிலையங்களை மட்டும் புள்ளிகளாகவும், அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையிலான பாதைகளைக் கோடுகளாகவும் வரையுங்கள். இத்தகைய படத்தைக் கோட்டுரு என்பார்கள். சில கோடுகளை மட்டும் வெட்டி, இதை எப்படி இரண்டு குழுக்களாகப் பிரிப்பது?

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் கொடுப்போம். ஒரு நிலையத்தின் எண்ணிலிருந்து ஒவ்வோர் அண்டை நிலையத்தின் எண்ணையும் கழித்து, அந்த வித்தியாசங்களைக் கூட்டுங்கள். விடை, அந்த நிலையத்தின் எண்ணை ஒரு குறிப்பிட்ட பெருக்கெண்ணால் பெருக்கியதாக இருக்க வேண்டும். எல்லா நிலையங்களுக்கும் பெருக்கெண் ஒன்றே.

வித்தியாசங்களைக் கூட்டும் இந்த வேலையைச் செய்யும் அணிக்கு லாப்லாசியன் என்று பெயர். பெருக்கெண் ஐகன் மதிப்பு. எண்களின் வரிசை ஐகன் திசையன். எல்லா எண்களும் சமம் என்றால் பெருக்கெண் 0. அது பிரிக்க உதவாது. அதற்கு அடுத்த மிகச் சிறிய பெருக்கெண்தான் நமக்குத் தேவை. அது சிறியதாக இருப்பதால் அண்டை நிலையங்களின் எண்கள் அதிகம் விலகுவதில்லை. 1973இல் செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர், கோட்டுரு எவ்வளவு உறுதியாக இணைந்துள்ளது என்பதை அளக்க இந்த மதிப்பைப் பயன்படுத்தினார்.

நம் படத்தில் அந்தப் பெருக்கெண் சுமார் 0.382. எண்கள் இவை:

பூகிஸ், சிட்டி ஹால்: 1
ரோச்சோர், டோபி காட்: 0.618
லிட்டில் இந்தியா: 0
ஃபேரர் பார்க்: −1.236
பூன் கெங்: −2

சரிபார்ப்போம். பூகிஸின் அண்டை நிலையங்கள் சிட்டி ஹாலும் ரோச்சோரும். (1 − 1) + (1 − 0.618) = 0.382. இது 0.382 × 1தான். மற்ற நிலையங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

இனி குறியை மட்டும் பார்த்தால் போதும். மிகை எண் பெற்றவை ஒரு குழு, குறை எண் பெற்றவை மறு குழு. ஆனால் லிட்டில் இந்தியாவுக்குக் கிடைத்தது சரியாக 0. அதற்குக் குறியே இல்லை! கணினியில் போட்டால் 0க்குப் பதிலாக 0.0000000000000001 போன்ற எண் வரலாம். அந்தக் குறியை நம்பினால் தோராயப் பிழையே முடிவெடுத்ததாகிவிடும்.

அப்போது கோடுகளை எண்ணுங்கள். லிட்டில் இந்தியாவை வாலோடு சேர்த்தால் ரோச்சோர், டோபி காட் செல்லும் 2 கோடுகளை வெட்ட வேண்டும். வளையத்தோடு சேர்த்தால் ஃபேரர் பார்க் செல்லும் 1 கோடு மட்டுமே. ஆகவே அது வளையத்தின் பக்கம்.

வாலில் அடுத்த நிலையமான போத்தோங் பாசிரையும் சேர்த்தால் குழப்பம் தீர்கிறது. பூகிஸின் எண்ணை 1 என வைத்தால், லிட்டில் இந்தியாவுக்குச் சுமார் 0.33, ஃபேரர் பார்க்குக்குச் சுமார் −0.61 கிடைக்கிறது. வெட்டு அதே கோட்டில்தான் விழுகிறது. இம்முறை குறியே அதைச் சொல்லிவிடுகிறது.